அட்டவணை அப்புறம், முதலில் ஒரு தாளை எழுதிப் பாருங்கள்

"அக்கா, எனக்கு ஊர் களியக்காவிளை. பத்தாவது வரை மலையாள மீடியம், தமிழ் ஒரு பாடமாக மட்டும் படித்தேன். பிறகு பி.காம். இப்போது பாறசாலையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுத ஆசை, தினமும் மூன்று மணி நேரம்தான் கிடைக்கும். ஒரு பயிற்சி மையத்தின் 180 நாள் அட்டவணை கையில் இருக்கிறது. தோழியோ, 'முதலில் பழைய தாள் ஒன்றை எழுதிப் பார்' என்கிறாள். ஒன்றுமே படிக்காமல் எழுதி என்ன தெரியப் போகிறது? இரண்டு வாரமாவது படித்துவிட்டு எழுதினால் போதாதா?"

உன் தோழி சொன்னதைக் கேள் மக்களே. அந்த 180 நாள் அட்டவணையை மடித்து மேசைக்குள் வை, கிழிக்க வேண்டாம், பின்னால் பாடத் தலைப்புகளைச் சரிபார்க்க உதவும். அதைப் போட்டவருக்கு உன்னைத் தெரியாது. நீ மலையாள மீடியம் என்பதோ, பி.காம். படித்ததால் கணக்கு உனக்கு ஒருவேளை எளிதாக இருக்கலாம் என்பதோ அதில் எங்கும் இல்லை.

இரண்டு வாரம் படித்துவிட்டு எழுதுவதில் என்ன தப்பு என்றால், அந்த இரண்டு வாரமும் எதைப் படிப்பாய்? பிடித்ததை, அல்லது அட்டவணையில் முதலில் இருப்பதை. தேர்வில் அந்தப் பகுதி மட்டும் பளிச்சென்று வரும், அதைப் பார்த்து 'இது நமக்குத் தெரியும்' என்று விட்டுவிடுவாய், அடுத்த மாதம் அது மறந்தும் போயிருக்கும். நானே என் முதல் முயற்சியில் ஒரு மையத்தின் அட்டவணையை அப்படியே பிடித்துக்கொண்டு நான்கு மாதம் வரலாறு வரலாறு என்று கிடந்தேன். கடைசியில் என்னைக் கவிழ்த்தது தமிழ் இலக்கணம், அதற்கு அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஒதுக்கியிருந்தார்கள்.

எழுதுவதற்கு முன் அரை மணி நேரம் தேர்வின் அமைப்பை மட்டும் பார்த்துக்கொள். 200 கேள்வி, 3 மணி நேரம், 300 மதிப்பெண், அதாவது கேள்விக்கு ஒன்றரை. பகுதி அ தமிழ், 100 கேள்வி. பகுதி ஆ-வில் பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழில் 40 விழுக்காடு, அதாவது 150-க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் பகுதி ஆ-வைத் திருத்தவே மாட்டார்கள். உன்னைப் போல எல்லையோரத்தில் வேறு மீடியத்தில் படித்தவர்களுக்கு வாசற்படியே அந்த 60 தான். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது. விடை தெரியாவிட்டால் கருப்பாக்க E என்று ஐந்தாவது வட்டமும் உண்டு. இவ்வளவு போதும், கேள்விகளைப் புரட்டாதே.

தாள் எது? 2025 ஜூலை 12 அன்று நடந்த குரூப் 4 தாளை எடு. தமிழுக்கான பாடத்திட்டம் அந்தத் தேர்விலிருந்து மாறிவிட்டது, இலக்கணம், சொல், எழுதும் திறன், வாசித்துப் புரிந்துகொள்வது என்று மொழியறிவுப் பக்கம் சாய்ந்துவிட்டது. 2024 தாளை எழுதினால் பொது அறிவுக்குச் சரி, தமிழுக்கு உன் நிலைமையைத் தப்பாகக் காட்டும். tnpsc.gov.in தளத்தில் கேள்வித்தாள் கிடைக்கும். விடைகளைச் சரிபார்க்கும்போது இறுதி விடைக்குறிப்பை வைத்துப் பார், தேர்வு முடிந்த சில நாளில் வரும் உத்தேச விடைக்குறிப்பில் சில விடைகள் பிறகு மாறும்.

ஞாயிறு காலை 9.30 முதல் 12.30 வரை, உண்மைத் தேர்வு நடக்கும் அதே நேரத்தில் உட்கார். ஓ.எம்.ஆர். தாளை அச்செடுத்து வட்டங்களைக் கருப்பாக்கு. கேள்வித்தாளிலேயே டிக் அடித்துவிட்டு 'நேரத்துக்குள் முடித்துவிட்டேன்' என்று சொல்பவர்கள் நிறைய, 200 வட்டம் கருப்பாக்க எவ்வளவு நேரம் போகும் என்பது பேனாவைப் பிடித்தால்தான் தெரியும்.

இனி நான் சொல்வதுதான் முக்கியம். ஒவ்வொரு கேள்விக்கும் விடை எழுதும்போதே கேள்வித்தாளில் அதன் பக்கத்தில் ஒரு குறி போடு. நிச்சயமாகத் தெரியும் என்றால் கோடு, இரண்டு விடைக்கு நடுவில் ஊசலாடினால் வட்டம், குத்துமதிப்பாகப் போட்டால் கேள்விக்குறி. தெரியாததற்கெல்லாம் E போடு என்று சொல்பவர்களும் உண்டு, எனக்கு அது பிடிக்காது. குறி போட்டால் தேர்வில் வரக்கூடிய மதிப்பெண்ணும் உண்மையில் தெரிந்ததும் ஒரே தாளிலிருந்து கிடைத்துவிடும். ஒவ்வொரு பகுதியும் முடியும்போது மணியையும் குறித்துக்கொள்.

பனச்சமூட்டிலிருந்து ஒரு தம்பி, வீட்டில் மலையாளம்தான் பேச்சு, இப்படித்தான் எழுதினான். மொத்தம் 99 சரி, 148.5 மதிப்பெண். தமிழில் மட்டும் 52 சரி, அதாவது 78. '60-ஐத் தாண்டிவிட்டேன் அக்கா, இனி தமிழை விட்டுவிட்டுப் பொது அறிவைப் பிடிக்கலாம்' என்று துள்ளிக்கொண்டு வந்தான். குறிகளைப் பிரித்துப் பார்த்தோம்.

தமிழில் அவன் கோடு போட்டது 34 கேள்வி, அதில் 27 சரி. வட்டம் போட்டது 30, அதில் 16 சரி. கேள்விக்குறி 36, அதில் 9 சரி. நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் நாலில் ஒன்று சரியாகத்தான் வரும், 36-க்கு 9. வட்டம் போட்டதும் அப்படித்தான், இரண்டில் ஒன்று என்று நாணயம் சுண்டினாலே 15 வரும், அவனுக்கு 16. ஆக அவன் உண்மையாகத் தெரிந்து எழுதியது 27 கேள்வி, 40.5 மதிப்பெண். 60-க்குக் கீழே. இன்னொரு நாள், இன்னொரு தாளில், அதிர்ஷ்டம் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பகுதி ஆ திருத்தப்படாமலே போகும் ஆள்.

அதற்காக 27 மட்டும்தான் அவன் தகுதி என்றும் சொல்லக் கூடாது. வட்டம் போட்டதில் பாதி அறிவு இருக்கிறது, நாலில் இரண்டைத் தள்ளத் தெரிந்திருக்கிறதே! அந்த 30-தான் சீக்கிரம் கைக்கு வரும். முதல் மாதம் அங்கேதான் செலவழிக்க வேண்டும்.

என்னைப் பயமுறுத்தியது வேறு ஒன்று, கோடு போட்டுத் தப்பான 7 கேள்வி. தெரியாததை எப்படியும் படிப்போம், தெரியும் என்று நம்புவதை யார் திரும்பப் படிக்கிறார்கள்? அவனுக்கு அதில் பாதிக்கு மேல் வல்லினம் மிகும் இடம், மிகா இடம். மீதி, மலையாளத்திலும் தமிழிலும் ஒன்றாக ஒலித்து வேறாகப் பொருள்படும் சொற்கள். 'வெள்ளம்' என்றால் அவனுக்குக் குடிக்கிற தண்ணீர், நம் குமரிப் பேச்சிலும் அப்படித்தான், தேர்வில் அது நீர்ப்பெருக்கு. உனக்கும் இந்த வகை நிச்சயம் வரும், தனி நோட்டு ஒன்றில் எழுதி வை.

பொது அறிவில் 75-க்கு 32 சரி, ஆனால் கோடு போட்டுச் சரியானது 12 மட்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. புவியியலில் 3 சரி, அரசியலமைப்பில் 5 சரி என்று பார்த்துவிட்டு 'புவியியல் பலவீனம்' என்று எழுதிவிடாதே. 75 கேள்வியை ஆறு அலகாகப் பிரித்தால் அலகுக்குக் கொஞ்சம் கேள்விதான் தேறும், எல்லா அலகுக்கும் ஒரே எண்ணிக்கையும் இல்லை, அதில் 3-க்கும் 5-க்கும் வித்தியாசம் வெறும் தற்செயலாக இருக்கலாம். சந்தேகமான அலகில் பழைய தாள்களிலிருந்து இன்னும் 30 கேள்வி எடுத்து எழுதிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணு. இன்னொன்று, பகுதி ஆ கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்தவர்கள் இரண்டையும் மாறி மாறி வாசித்து நேரத்தைத் தொலைப்பார்கள், நீ எதில் வேகமாகப் படிக்கிறாய் என்பதையும் அன்றைக்கே கவனி.

திறனறிவுதான் வேடிக்கை. 25-க்கு 15 சரி. அவன் குறித்து வைத்த மணியைப் பார்த்தால் தமிழுக்கு 80 நிமிடம், பொது அறிவுக்கு 75, மீதி 25 நிமிடத்தில் 14 கணக்குதான் போட முடிந்தது, அதில் 12 சரி. கடைசி 11-ஐக் குருட்டாம்போக்கில் கருப்பாக்கி 3 சரி. அந்த 11 கணக்கையும் அன்று மாலை கடிகாரம் இல்லாமல் போடச் சொன்னேன், 8 சரி. ஆக அவனுக்குக் கணக்கு தெரியும், வேகம்தான் இல்லை. அட்டவணைப்படி தனிவட்டியிலிருந்து ஆரம்பித்திருந்தால் இரண்டு மாதம் வீண்.

அதற்குப் பிறகுதான் அட்டவணை போட்டோம். மையத்தின் தாளில் பொது அறிவு தினம் இரண்டு மணி நேரம், தமிழ் முக்கால் மணி, கணக்கு ஞாயிறு மட்டும். அவனுக்கும் உன்னைப் போல மூன்று மணி நேரம்தான். தமிழுக்கு ஒன்றரை மணி, பொது அறிவுக்கு ஒரு மணி, கணக்குக்குத் தினமும் அரை மணி என்று மாற்றினோம், அந்த அரை மணியிலும் புதுப் பாடம் இல்லை, கடிகாரம் வைத்து 20 கணக்கு. உனக்கு இதே பங்கு வரும் என்று நினைத்து இதையும் காப்பியடித்துவிடாதே. பி.காம். படித்தவளுக்குக் கணக்கில் வேகமும் இருக்கலாம், அரை மணி மிச்சமாகலாம்.

குறைவாக வந்துவிடுமோ என்ற பயம் உன் கடிதத்தில் தெரிகிறது. குறைவாகத்தான் வரும். தாளை யாருக்கும் காட்ட வேண்டாம், தேதி போட்டு, பகுதிவாரியாகக் கோடு, வட்டம், கேள்விக்குறி எத்தனை, எத்தனை சரி என்று ஒரே பக்கத்தில் எழுதி ஒட்டி வை. ஆறு வாரம் கழித்து மறுபடி அளக்கும்போது இதே தாளை எடுக்காதே, ஞாபகம் மதிப்பெண் வாங்கித் தரும். பொது அறிவுக்கும் திறனறிவுக்கும் 2024 தாள், தமிழுக்குப் புதுப் பாடத்திட்டத்தில் வந்த மாதிரித் தாள் ஏதாவது. மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு இரண்டை மட்டும் ஒப்பிடு: கோடு போட்டுச் சரியானது கூடியதா, கோடு போட்டுத் தப்பானது குறைந்ததா. பனச்சமூட்டுத் தம்பிக்குத் தமிழில் அந்த 7, ஆறு வாரத்தில் 2 ஆனது. மொத்தம் என்னவோ ஆறேழு கேள்விதான் கூடியிருந்தது, அவனுக்கு முகம் வாடிவிட்டது, எனக்கு அன்றுதான் நிம்மதி.

வருகிற ஞாயிறு கடை விடுமுறைதானே? சனிக்கிழமை ராத்திரியே ஓ.எம்.ஆர். தாளை அச்செடுத்து வை, ஞாயிறு காலையில் கடை தேடி அலைய வேண்டாம்.