ரீசார்ஜ் கவுண்டரும் சிம் கோட்டாவும்

கேள்வி: தையல் கடையின் முகப்பில் ரீசார்ஜ், சிம் கவுண்டர் போட நினைக்கிறேன். வருமானம் தேறுமா? மாதக் கோட்டாவுக்குச் சிம் விற்றால் ஊக்கத்தொகை உண்டு, குறைந்தால் தானே பார்த்துக்கொள்வதாக விநியோகஸ்தரின் ஆள் சொல்கிறார். நம்பலாமா? (வாசகி, செய்யாறு)

பதில்: ரீசார்ஜை மட்டும் நம்பினால் டீச்செலவுக்குத்தான் ஆகும். கமிஷன் நூற்றுக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 299 ரூபாய் ரீசார்ஜில் உங்களுக்கு நிற்பது 9 ரூபாய். ஓர் இலக்கம் தவறி வேறு எண்ணுக்குப் போய்விட்டால், அந்த 299 ரூபாயை மீட்க இன்னும் 33 பேருக்கு ரீசார்ஜ் செய்தாக வேண்டும். எண்ணை வாடிக்கையாளரையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அனுப்பும் முன் உரக்கப் படித்துக் காட்டுங்கள். திரையில் 'பெண்டிங்' என்று நின்றால் உடனே மறுபடி போடக் கூடாது. இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. கடன் சொல்பவர்களுக்கும் 9 ரூபாய்க் கணக்கையே சொல்லுங்கள்.

அந்த ஆள் 'பார்த்துக்கொள்வது' எப்படி என்று கேட்டீர்களா? பெரும்பாலும் உங்கள் லாகினை வாங்கி, யாரோ ஒருவர் பெயரில் சிம்மை முன்கூட்டியே இயக்கி வைப்பதுதான். அதற்கான ரேகை எங்கிருந்து வருகிறது தெரியுமா? கவுண்டருக்கு வந்த ஒரு பாட்டியிடம், "ரேகை சரியாகப் பதியவில்லை, இன்னொரு முறை வையுங்கள்" என்பார்கள். முதல் முறையே பதிந்திருக்கும். இரண்டாவது ரேகையில் பாட்டி பெயரில் இன்னொரு சிம் உயிர் பெற்று, மோசடிக்காரன் கைக்குப் போகும். உங்கள் கவுண்டரில் நிஜமாகவே ரேகை பதியாவிட்டால், தோல்விச் செய்தியைத் திரையில் அவருக்குக் காட்டிவிட்டு அடுத்த முறை வையுங்கள்.

ஒவ்வொரு இயக்கத்திலும் விற்றவரின் அடையாளம் பதிவாகிறது. அதனால் விசாரணை முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி, ஆள்மாறாட்டத்தில் சிம் பெறுவதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். விதிமீறிய விற்பனையாளரை எல்லா நிறுவனங்களும் 3 ஆண்டுகளுக்கு விலக்கிவைக்க வேண்டும்.

ஆகவே முதலில் உங்கள் பெயரில் விற்பனையாளர் பதிவை முடியுங்கள். ஆள் நேரில் இல்லாமல் சிம் இல்லை, மகனே வந்து அப்பா பெயரில் கேட்டாலும். முகத்தை அங்கேயே படமெடுக்க வேண்டும். போட்டோவைப் போட்டோ எடுப்பது ஆகாது. அசல் அடையாள அட்டையைப் பாருங்கள். நகலை வாங்கி வைக்க வேண்டாம். ஒருவர் பெயரில் நாட்டின் பெரும்பகுதியில் 9 இணைப்புகள் வரைதான். தம் பெயரில் எத்தனை உள்ளன என்று sancharsaathi.gov.in தளத்தில் அவரே பார்த்துக்கொள்ளலாம்.

சிம் கட்டு வந்ததும் ஒவ்வொன்றின் பின்புறமுள்ள நீண்ட வரிசை எண்ணை நோட்டில் ஏற்றுங்கள். விற்ற தேதியை எதிரே எழுதுங்கள். இரவில் மீதியை எண்ணும்போது ஒன்று குறைந்தால், அன்றே விநியோகஸ்தருக்கு எழுத்தில் தெரிவித்து, அந்தச் சிம்மை முடக்கச் சொல்லுங்கள்.