ஒரு தாள் எத்தனை பைசா?

கேள்வி: தூத்துக்குடியில் சிறிய கிளியரிங் ஏஜென்சி நடத்துகிறேன். ஜிஎஸ்டி பதிவு உண்டு. மாதம் 6 ரீம் ஏ4 தாள் செலவாகிறது. பக்கத்துக் கடையில் ரீம் 270 ரூபாய், எல்லாம் சேர்த்து. மொத்த வியாபாரி 10 ரீம் பண்டலை 2,400-க்குத் தருகிறார். 5 பண்டல் எடுத்தால் 8% தள்ளுபடி, ஜிஎஸ்டி 18% தனி. எது லாபம்?

பதில்: ஒரு ரீமுக்கு 500 தாள். கடை விலையில் தாள் 54 பைசா. மொத்த விலை ரீமுக்கு 240, அதாவது 48 பைசா என்று தோன்றும். ஆனால் வரியைச் சேர்த்தால் 283 ரூபாய் 20 காசு, தாள் 56 பைசாவைத் தாண்டிவிடுகிறது. ஒரே ஒரு பண்டல் வாங்கினால் கடைதான் மலிவு! 5 பண்டல் எடுத்தால் ரீம் 220.80, வரியோடு சுமார் 260.50, தாள் 52 பைசா.

இதுவரை போட்டது வரியும் செலவு என்ற கணக்கு. நீங்கள் ஜிஎஸ்டியில் இருப்பதால் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம், அதாவது தாளுக்குக் கொடுத்த வரியை நீங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இங்கேதான் கடைக்காரர் தரும் பில் முக்கியமாகிறது. உங்கள் ஜிஎஸ்டி எண் போட்டு வரி பில் தருகிறார் என்றால், அவருடைய 270-ல் வரி போக நிற்பது 228.80. மொத்த வியாபாரியிடம் 220.80. வித்தியாசம் ரீமுக்கு 8 ரூபாய். 50 ரீமுக்கு 400. கடைக்காரர் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் வரி வரவு கிடையாது; முழு 270-ம் உங்கள் செலவு. அப்போது 50 ரீமில் மிச்சம் 2,460 ரூபாய். எனவே முதலில் கடை பில்லை எடுத்துப் பாருங்கள்.

அடுத்து, இரண்டு இடத்திலும் ஒரே கனமுள்ள தாள்தானா? 75 ஜிஎஸ்எம் ரீம், உறை நீங்கலாக, சுமார் 2.34 கிலோ இருக்கும். 70 ஜிஎஸ்எம் என்றால் 2.18 கிலோதான், கிட்டத்தட்ட 7% குறைவு. தள்ளுபடி 8% என்று சந்தோஷப்படும்போது தாளே அந்த அளவுக்கு மெலிந்திருந்தால் என்ன லாபம்? சமையலறைத் தராசு போதும், ஒரு ரீமை வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, 50 ரீம் உங்களுக்கு எட்டு மாதத்துக்கு மேல் வரும். கடற்கரை ஊர். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் பண்டல்களைச் சுவரோரம் தரையில் அடுக்கினோம். அடியில் இருந்த தாள் ஈரம் குடித்து ஓரம் அலை அலையாக நெளிந்து, ஜெராக்ஸ் மிஷினில் நாலு தாளுக்கு ஒன்று சிக்கியது. உங்களுக்கு மிச்சம் 400 ரூபாய்தான் என்றால், இரண்டு ரீம் கெட்டாலே அது போச்சு.

அதனால் வியாபாரியிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 5 பண்டலுக்கு உண்டான விலையை இப்போதே பேசிக்கொள்வோம், சரக்கை மட்டும் மாதம் ஒரு பண்டலாக இறக்குங்கள், பணமும் அப்படியே. அவர் ஒத்துக்கொள்ளவில்லை, கடைக்காரரும் வரி பில் தருகிறார் என்றால், கடையிலேயே வாங்குங்கள்.