பெர்ஃப்போர்டில் கண்ணுக்குத் தெரியாத ஷார்ட்டை எப்படிப் பிடிப்பது?

கேள்வி: பிரெட்போர்டில் நன்றாக ஓடிய சர்க்யூட்டை பெர்ஃப்போர்டில் சால்டர் செய்துவிட்டேன். இப்போது 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் பீப் அடிக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. எல்லா ஜாயிண்டையும் மறுபடி சூடு பண்ணிப் பார்க்கலாமா?

பதில்:

வேண்டாம். பெர்ஃப்போர்டின் செப்பு வளையங்கள் போர்டில் பசையால்தான் ஒட்டியிருக்கின்றன. திரும்பத் திரும்பச் சூடு பட்டால் பெயர்ந்து வந்துவிடும். ஷார்ட் இருக்கும் இடத்தை முதலில் கண்டுபிடியுங்கள், அதை மட்டும் தொடுங்கள்.

சாக்கெட்டில் இருக்கும் ஐசிகளைக் கழற்றிவிட்டு, பீப் மோடை விட்டு ஓம் ரேஞ்சுக்கு வாருங்கள். பல மீட்டர்கள் 30, 50 ஓம் இருந்தாலே பீப் அடிக்கும். பெரிய கெபாசிட்டர் இருந்தால் அது சார்ஜ் ஆகும் வரை ஒரு நொடி அடித்துவிட்டு நிற்கும். இவை ஷார்ட் அல்ல. புரோப் முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் என்ன எண் வருகிறதோ, கிட்டத்தட்ட அதே எண் போர்டிலும் அசையாமல் நின்றால்தான் நிஜமான ஷார்ட்.

எங்கே என்று கண்டுபிடிக்க, ஷார்ட்டின் வழியாகவே கரண்ட்டை ஓடவிட்டு மில்லிவோல்ட் அளப்பது எனக்குப் பிடித்த வழி. கரண்ட் லிமிட் உள்ள பவர் சப்ளையை 1 வோல்ட்டுக்குக் கீழே, 0.5 ஆம்பியரில் வைத்து, 5 வோல்ட் பஸ் கம்பியின் ஒரு முனைக்கும் கிரவுண்டுக்கும் கொடுங்கள். அந்த வோல்ட்டேஜில் பாகங்கள் எதுவும் கெடாது. மீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து, சிவப்பு புரோப்பை கரண்ட் நுழையும் முனையில் வையுங்கள். கறுப்பு புரோப்பை அதே பஸ் கம்பி மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போங்கள். கரண்ட் ஓடும் தூரம் வரைதான் எண் ஏறும். ஷார்ட்டைத் தாண்டிய கம்பியில் கரண்ட் இல்லை, அதனால் எண் அப்படியே நின்றுவிடும்.

0.6 மி.மீ. டின் பூசிய செப்புக் கம்பி 10 செ.மீ. இருந்தால் சுமார் 6 மில்லிஓம்தான். அரை ஆம்பியருக்கு 3 மில்லிவோல்ட் விழும், சாதாரண டிஜிட்டல் மீட்டருக்கே அது தெரியும். என்னிடம் வந்த ஒரு போர்டில் 2 செ.மீ.யில் 0.6, 5 செ.மீ.யில் 1.5, 7 செ.மீ.யில் 2.1 மில்லிவோல்ட். அதற்கப்புறம் கம்பியின் கடைசி வரை 2.1 தான். அந்த 7 செ.மீ. இடத்தில் எந்தப் பாகமும் இல்லை! இன்சுலேஷனோடு ஒரு கிரவுண்ட் ஒயர் மட்டும் பஸ் கம்பிக்கு மேலே குறுக்கே போனது. பக்கத்து ஜாயிண்டின் சூட்டில் அதன் பிவிசி அடிப்பக்கம் உருகி, உள்ளே இருந்த செப்பு பஸ் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேலே இருந்து பார்த்தால் ஒயர் பழுதில்லாமல்தான் தெரியும், எந்த லென்ஸாலும் பிடிக்க முடியாது. ஒயரை நிமிண்டித் தூக்கியதும் ஷார்ட் போய்விட்டது. எண் நிற்கும் இடத்தில் ஒரு பாகமோ கிளை ஒயரோ இருந்தால், ஷார்ட் அந்தக் கிளைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கிளையிலும் இதேபோல் அளந்துகொண்டே போங்கள்.

ஷார்ட்டைத் தவிர, சால்டர் சரியாகப் பிடிக்காத கோல்டு ஜாயிண்டும் போர்டில் இருக்கலாம். அதற்கு முதலில் கிரவுண்ட் பக்கம் பாருங்கள். தடித்த பஸ் கம்பி சூட்டை இழுத்துக்கொள்வதால், பின்னில் ஈயம் உருகினாலும் கம்பியிலோ வளையத்திலோ பிடிக்காது. மங்கலாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஈயமில்லா சால்டர் நல்ல ஜாயிண்டிலும் மங்கலாகத்தான் இருக்கும். ஓரத்தைப் பாருங்கள். நன்றாகப் பிடித்த சால்டர் செப்பின் மேல் சரிந்து மெலிந்து முடியும். பிடிக்காதது தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும்.

மீட்டரும் இங்கே ஏமாற்றும். புரோப்பால் ஜாயிண்டை அழுத்தினால் அந்த அழுத்தத்திலேயே தொடர்பு கிடைத்துவிடும். போர்டின் மேல்பக்கம் பாகத்தின் காலில் ஒரு புரோப்பும், பஸ் கம்பியில் ஜாயிண்டைத் தள்ளி இன்னொன்றும் வைத்து, மரக்குச்சியால் பாகத்தை லேசாக அசையுங்கள். எண் தாவினால் அதுதான் ஆள். சர்க்யூட் ஓடும்போது இதே இரண்டு இடங்களுக்கு நடுவே மில்லிவோல்ட் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சில நூறு மில்லிஆம்பியர் ஓடும் நல்ல ஜாயிண்டில் ஓரிரு மில்லிவோல்ட்டுக்கு மேல் வராது. பத்து, நூறு என்று ஆடினால் ஜாயிண்ட் சரியில்லை.

அதில் ஃபிளக்ஸ் தடவி, 350 டிகிரியில் அயர்ன் முனை பின்னையும் பஸ் கம்பியையும் சேர்த்துத் தொடும்படி இரண்டு மூன்று நொடி பிடித்து, புது ஈயம் கொஞ்சம் கொடுங்கள். உறையும் வரை பாகத்தை அசைக்காதீர்கள். பிறகு ஐசிகளைப் போடாமலே 5 வோல்ட்டை 100 மில்லிஆம்பியர் லிமிட்டில் கொடுத்து, சாக்கெட்டின் பவர் பின்களில் 5 வோல்ட் குறையாமல் வருகிறதா என்று பார்த்துவிட்டு, பவரை நிறுத்தி ஐசிகளைச் செருகுங்கள்.