ஹெட்போனை எடுத்தபின் காதும் முடியும்: கேள்வி பதில்

இறந்துபோன தம்பியின் நல்ல படம் ஒன்றுதான் இருக்கிறது. அதில் பெரிய ஹெட்போன் மாட்டியிருக்கிறான். மாலை போட்டு வைக்க வேண்டும். ஹெட்போனை Photoshop-இல் எடுத்துவிட முடியுமா?

முடியும். ஆனால் ஹெட்போன் மெத்தைக்கு அடியில் இருக்கும் காது படத்தில் பதிவாகவே இல்லை. அதனால் முதலில் வீட்டில் வேறு படங்களைத் தேடுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. தலை ஏறக்குறைய இதே பக்கம் திரும்பிய படம் கிடைத்தால், அந்தக் காதை மட்டும் வெட்டித் தனி லேயரில் வைத்து Warp கொண்டு பொருத்துங்கள். முகம் நேராக இருந்தால் காது பெரும்பாலும் புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் இடையில் வரும். காதுச் சோணை கன்னத்தோடு ஒட்டியிருந்ததா, தொங்கியதா, காது குத்திய துளை இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இது தவறினால் வீட்டில் உள்ளவர்களுக்கு உடனே வேறு யாரோ போலத் தெரியும். அப்புறம், ஹெட்போன் போனாலும் அதன் நிழல் தாடை ஓரத்தில் நிற்கும். அதை Curves லேயரால் அந்த இடத்தில் மட்டும் வெளுக்க வேண்டும்.

எதற்கு இவ்வளவு சிரமம்? மறுபக்கக் காதை நகலெடுத்து Flip Horizontal செய்தால் போதுமே. நான் அப்படித்தான் செய்தேன், ஆனால் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது.

வடிவத்துக்கு நல்ல வழிதான். ஆனால் காதைப் புரட்டும்போது வெளிச்சமும் புரண்டுவிடும். ஜன்னல் இடப்பக்கம் இருந்தால், வலக்காதின் மடிப்புகளிலும் வெளிச்சம் இடமிருந்தே விழ வேண்டும். உங்கள் நகலில் அது வலமிருந்து விழுகிறது. மடிப்புகளின் வெளிச்சத்தையும் நிழலையும் கையால் மாற்றுங்கள். காதின் மேல்விளிம்பு முடிக்குள் நுழையும் இடத்தில் நாலைந்து இழைகளை அதன்மேல் விழவிடுங்கள். வெட்டிய கோடு மறைந்துவிடும்.

எனக்கு இயர்பட்ஸ்தான். Spot Healing Brush வைத்துத் தேய்த்தேன், காது மெழுகு மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் கருவி சுற்றியுள்ள தோல் நிறத்தைக் கொண்டுவந்து நிரப்பும். காதின் நடுக்குழி இருட்டாக இருக்க வேண்டிய இடம். புது லேயரில் Clone Stamp எடுத்து, குழியின் மிஞ்சிய இருண்ட பகுதியிலிருந்தே நிரப்புங்கள். ஆழம் போதவில்லை என்றால் Multiply லேயரில் செம்பழுப்பு தடவுங்கள். கறுப்பு தடவினால் ஓட்டை போட்டது போலத் தெரியும்.

ஹெட்போன் அழுத்தி எனக்கும் முடியில் பள்ளம் விழுகிறது. தண்ணீர் தெளித்துச் சீவினால் போய்விடுமே?

படம் எடுப்பதற்கு முன்பு என்றால் அதுதான் சிறந்த வழி. எடுத்த படத்தில், பட்டையை அழித்த பிறகும் தலையின் வெளிக்கோடு அமுங்கியே இருக்கும். Liquify-யில் பெரிய பிரஷ் வைத்து மெதுவாக மேலே தள்ளுங்கள்; பின்னால் கதவு, ஜன்னல் கோடுகள் வளைகின்றனவா என்று பாருங்கள். பிறகு இழைகளை வரையுங்கள். 4000 பிக்சல் அகலப் படத்தில் 2, 3 பிக்சல் பிரஷ் எனக்குச் சரியாக வருகிறது. நிறத்தை அதே முடியின் வெளிச்சத்திலிருந்தும் நிழலிலிருந்தும் மாற்றி மாற்றி எடுங்கள். ஒரே நிறம் என்றால் விக் போல ஆகிவிடும்.

சுருட்டை முடிக்கும் இதேதானா?

இல்லை, இழை வரைவது அங்கே எடுபடாது. சுருள்களைக் கொத்தாக நகலெடுத்து, திருப்பி, அளவு மாற்றி வைக்கிறேன். அப்படியும் ஒரே சுருள் இரண்டு இடத்தில் வருவது சில படங்களில் கண்ணில் படுகிறது. அதற்கு எனக்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. யாராவது சரியாகச் செய்திருந்தால் சொல்லுங்கள்.