சலுகை முடிந்தது, பேனர் இறங்கவில்லை: வித்தியாசத் தொகையைத் தர வேண்டுமா?

கேள்வி: ஈரோட்டில் கைத்தறிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். சொந்த வெப்சைட்டிலும் விற்கிறோம். "தீபாவளி அதிரடி! 50% வரை தள்ளுபடி" என்று முகப்பில் பேனர் போட்டோம். அக்டோபர் 20 இரவோடு சலுகை முடிந்து விலைகளை மாற்றிவிட்டோம். பேனரை எடுக்க மறந்து 23 காலையில்தான் எடுத்தோம். 22ஆம் தேதி ஒரு அம்மா, சலுகையில் 2,940 ரூபாய்க்கு விற்ற சேலையை 4,200 கொடுத்து வாங்கினார். இப்போது பேனரின் படத்தை அனுப்பி 1,260 ரூபாய் திருப்பிக் கேட்கிறார். இல்லையென்றால் 1915க்குப் போன் செய்வாராம். பணம் கட்டும் பக்கத்தில் 4,200 என்று தெளிவாகத்தான் இருந்தது. தர வேண்டுமா? பொங்கல் விற்பனைக்கு எதை மாற்ற வேண்டும்?

பதில்: 1,260 ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். ஒப்பந்தச் சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் வாதம் வலுவானதுதான். கடை விளம்பரம் பொதுவாக வாங்க வரச்சொல்லும் அழைப்பு மட்டுமே. 4,200 என்று பார்த்து அவர் ஆர்டர் கொடுத்தார், நீங்கள் ஏற்றீர்கள், அந்த விலைக்கு ஒப்பந்தம் முடிந்தது. ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒப்பந்தம் எந்த விலைக்கு ஆனது என்பதோடு நிற்பதில்லை. அவரை உள்ளே அழைத்து வந்த வாசகம் உண்மையா என்றும் அது கேட்கிறது. 22ஆம் தேதி உங்கள் கடையில் தள்ளுபடி இல்லை. முகப்பு இருக்கிறது என்றது. பிரிவு 2(28) சொல்லும் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு இது பொருந்துகிறது. மறதியால் நேர்ந்தது என்பது நஷ்ட ஈட்டைக் குறைக்க உதவலாம், விளம்பரத்தை உண்மையாக்காது.

1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். அது நீதிமன்றம் அல்ல. புகாரை உங்களுக்கு அனுப்பித் தீர்வு கேட்கும். அதில் முடியாவிட்டால் அவர் தான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. அவர் கன்னியாகுமரியில் இருந்தால் நீங்கள் வாய்தாக்களுக்கு அங்கே ஆள் அனுப்ப வேண்டிவரலாம். இணைய வணிக விதிகள் 2020ன்படி உங்கள் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே முதலில் பெற்றுக்கொண்டதாக ஒரு பதில் அனுப்புங்கள். பிறகு பணத்தை அவர் கட்டிய வழியிலேயே திருப்பிவிட்டு, "இந்த ஆர்டர் குறித்த வித்தியாசம் முழுவதும் வந்து சேர்ந்தது" என்று ஒரு வரி எழுத்தில் வாங்கி வையுங்கள். 21 முதல் 23 காலை வரை வேறு யாராவது சலுகைப் பொருளை முழு விலைக்கு வாங்கியிருந்தால், அவர்கள் கேட்கும் முன்பே திருப்பிக் கொடுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பிரிவு 21ன் கீழ் 10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். ஒரு சேலைக்காக அது வராது என்றே நினைக்கிறேன். பலரிடம் இதே தவறு நடந்ததாகத் தெரிந்தால் நிலைமை வேறு.

இனி பொங்கலுக்கு. உங்கள் பழைய தலைப்பில் முடிவு தேதியே இல்லை. "ஜனவரி 5 காலை 10 மணி முதல் ஜனவரி 14 இரவு 11.59 வரை" என்று பேனரிலேயே போட்டிருந்தால், இரண்டு நாள் கழித்தும் அது தொங்கினாலும் படித்தவர் ஏமாற வாய்ப்பு மிகக் குறைவு. "50% வரை" என்றால் எந்த ரகத்துக்கு 50 என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்: "காட்டன் 30%, தேர்ந்தெடுத்த பட்டு 50%". பேனர் தமிழில், "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" மட்டும் ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் என்பது நடக்காது. விளம்பரங்களுக்கான 2022 வழிகாட்டு நெறிகள், குறிப்பும் முதன்மை வாசகத்தின் மொழியிலேயே, அதே எழுத்துருவில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்கின்றன. தலைப்பு கொடுத்ததைக் குறிப்பு பிடுங்கவும் கூடாது. 50 சதவீதத்தில் நான்கே சேலைகள் இருந்தால் "குறைந்த இருப்பு" என்று சொல்லியாக வேண்டும்.

முடியும் நேரத்தில் எதை முதலில் மாற்றுவது என்பதில்தான் நீங்கள் சறுக்கியிருக்கிறீர்கள். விலையை முதலில் ஏற்றி, பேனரைப் பிறகு எடுக்க நினைத்தீர்கள். வரிசையைத் திருப்புங்கள்: வாக்குறுதி முதலில் இறங்கட்டும், விலை அதற்குப் பிறகு ஏறட்டும். 11.59க்குக் கூகுள், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை நிறுத்துங்கள். பேனர், மேலே ஓடும் பட்டை, பாப்-அப் மூன்றையும் எடுங்கள். உங்கள் போனில் அல்லாமல் வேறொருவர் போனில் தளத்தைத் திறந்து பாருங்கள். அதன்பின் 12.30க்கு விலையை மாற்றுங்கள். அந்த அரை மணியில் சிலருக்கு மலிவாகக் கிடைக்கும். அதற்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள். 11.55க்குக் கூடையில் போட்டு 12.05க்குப் பணம் கட்டுபவரின் சிக்கலும் இதிலேயே தீர்ந்துவிடும். கூடையில் ஒரு விலை காட்டிவிட்டுப் பணம் கட்டும்போது சொல்லாமல் ஏற்றினால், இணையத்தில் வாங்குபவரை ஏமாற்றும் உத்திகளுக்கு எதிரான 2023ன் 'டார்க் பேட்டர்ன்' நெறிகள் தடுக்கும் விலை மறைப்பு என்ற குற்றச்சாட்டு எழும்.

பேனர் தானாக இறங்கும்படி நேரம் குறித்து வைப்பதாக இருந்தால் ஒன்றைக் கட்டாயம் சரிபாருங்கள். பல சர்வர்கள் இந்திய நேரத்தில் ஓடுவதில்லை, யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். அதில் 23:59 என்று வைத்தால் நமக்கு அது மறுநாள் காலை 5.29. நம் இரவு 11.59க்கு அங்கே 18:29 என்று வைக்க வேண்டும். இன்னொன்று, பழைய பேனர் படத்தின் மேலேயே அதே பெயரில் புதிய படத்தை ஏற்றாதீர்கள். வாடிக்கையாளரின் போனும், இடையில் படங்களைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் கேஷும் பழையதையே சில நாள் காட்டக்கூடும். கோப்புக்குப் புதுப் பெயர் கொடுத்து, கேஷையும் காலி செய்யச் சொல்லுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இடங்களும் உண்டு. தளத்தை வாட்ஸ்அப்பில் பகிரும்போது தெரியும் தலைப்பும் படமும் பக்கத்தின் நிரலுக்குள் இருக்கும் og:title, og:image என்ற குறிப்புகளிலிருந்து வருகின்றன. கூகுள் தேடலில் தெரியும் வரி பக்கத் தலைப்பிலிருந்து வரலாம். பொருள் பக்கத்தில் தேடுபொறிக்காக எழுதும் விலைக் குறிப்பில் முடிவு தேதியை முதல் நாளே இப்படிப் போட்டு வையுங்கள்:

```json
"price": "2940", "priceValidUntil": "2026-01-14"
```

"இன்னும் 2 மணி நேரமே" என்று ஓடும் கடிகாரம் இருந்தால், அது பூஜ்யத்தைத் தொட்டதும், மேலே சொன்ன அரை மணி போக, சலுகை உண்மையில் நிற்க வேண்டும். பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி ஓடும் கடிகாரம் பொய்யான அவசரம். அதையும் அதே 2023 நெறிகள் தடுக்கின்றன. சலுகையை நீட்டிப்பது தவறல்ல. புதிய தேதியைப் பழைய தேதியின் இடத்திலேயே அதே அளவில் போடுங்கள், ஒருமுறைக்கு மேல் நீட்டாதீர்கள்.

கோடு போட்டு அடித்த விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிவு 2(47)ன்படி, அது யாருடைய விலை என்று தெளிவாகச் சொல்லாவிட்டால், சந்தையில் பொதுவாக விற்ற விலை என்றே எடுத்துக்கொள்வார்கள். அடித்த 4,200க்குப் பக்கத்தில் "எங்கள் முந்தைய விலை" என்று எழுதுங்கள், அந்த விலைக்கு விற்ற பில்களையும் எடுத்து வையுங்கள். சலுகைக்குப் பின்னும் 2,940க்கே விற்பது என முடிவு செய்தால் தடையில்லை, ஆனால் அடித்த 4,200ஐ நீக்கிவிடுங்கள். மாதக்கணக்கில் விற்காத விலை முந்தைய விலை ஆகாது. பேனர் ஏறியபோதும் இறங்கியபோதும் நேரம் தெரியும்படி எடுத்த படங்களைப் பில்களோடு இரண்டு ஆண்டு வைத்திருங்கள். நுகர்வோர் வழக்குப் போடுவதற்கான காலக்கெடு அதுதான்.