நண்டா, கணவாயா, சிப்பியா: ஓட்டுக்குள் எவ்வளவு புரதம்?

“எடை குறைக்கிறேன். ஒரு வேளைக்கு 30 கிராம் புரதம் வேண்டும். கணவாய், நண்டு, சிப்பி இதில் எதில் கலோரி குறைவு? ஒரு ஆளுக்கு எவ்வளவு வாங்க வேண்டும்?”

30 கிராம் புரதத்துக்குக் கலோரி குறைவு நண்டில்தான். ஆனால் வாங்குவதற்கும் சுத்தம் செய்வதற்கும் எளிது கணவாய்.

100 கிராம் பச்சைச் சதையில், நண்டில் சுமார் 18 கிராம் புரதமும் 87 கலோரியும் உண்டு. கணவாயில் 15.6 கிராம், 92 கலோரி. சிப்பி வகையில் கல்லுமக்காயை எடுத்துக்கொண்டால் 12 கிராம், 86 கலோரி. கலோரி மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். புரதம்தான் இறங்கிக்கொண்டே வருகிறது. கல்லுமக்காய் தன் உடலில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும், கொழுப்பும் நண்டைவிடச் சற்று அதிகம். அதன் கலோரியில் ஒரு பங்கு அங்கே போய்விடுகிறது. ஆளி என்ற சிப்பி வகையில் புரதம் இன்னும் குறைவு, அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சரி, உங்கள் 30 கிராமுக்கு வருவோம். நண்டுச் சதை 170 கிராம் போதும், 148 கலோரி. கணவாய் 190 கிராம், 175 கலோரி. கல்லுமக்காய் 250 கிராம், 215 கலோரி. இதெல்லாம் வெறும் சதையின் எடை. முழு நண்டில் சதை தேறுவது கால் பங்குதான் என்பதால் ஏறக்குறைய 700 கிராம் வாங்க வேண்டும். கல்லுமக்காயும் அப்படித்தான், ஓடும் உள்ளே நிற்கும் தண்ணீரும் போக கால் பங்கு மிஞ்சும், அதனால் ஒரு கிலோ தேவை. கணவாயில் குடல், மைப்பை, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற தண்டு, தோல் எல்லாம் போனாலும் 70 சதவீதம் நிற்கும். 275 கிராம் வாங்கினால் வேலை முடிந்தது.

நண்டில் கால் பங்கு என்பதும் உறுதியில்லை. ஓடு கழற்றிய கொஞ்ச நாளில் பிடிபட்ட நண்டு பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே தண்ணீர்தான். அடிப்பக்க ஓட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் வேண்டாம். ஒரே அளவில் இரண்டு நண்டு இருந்தால் கையில் கனப்பதை எடுங்கள்.

கணவாயில் தவறு நடப்பது தராசில். வெந்ததும் நீர் வெளியேறி 190 கிராம் சுமார் 130 கிராமாகச் சுருங்கிவிடும். வெந்ததை எடைபோட்டுப் பச்சைக்கான எண்ணால் பெருக்கினால் 20 கிராம் புரதம் என்று காட்டும். புரதம் எங்கும் போகவில்லை, போனது தண்ணீர். இது தெரியாமல் பலர் இன்னொரு கை அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். சுத்தம் செய்ததும், அடுப்பில் ஏற்றும் முன்பே எடைபோட்டுவிடுங்கள்.

அப்புறம், எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நண்டுக்கும் கல்லுமக்காய்க்கும் உள்ள வித்தியாசமே சுமார் 70 கலோரிதான். மாவில் தோய்த்துப் பொரிப்பதாக இருந்தால் எதை வாங்கினாலும் ஒன்றுதான்.