லஞ்சம் வாங்காமலேயே ஓர் அரசுக் கண்காணிப்பு அமைப்பு, தான் கண்காணிக்கும் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்துவிடுமா?

சாயும். அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.ஏ.ஏ.வுக்கும் சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்துக்கும் இடையே 2007இல் நடந்ததைப் பார்த்தாலே போதும்.

பழைய போயிங் 737களின் உடல் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்க வேண்டும் என்பது கட்டாய உத்தரவு. 1988இல் இதே ரக விமானம் ஒன்றின் மேற்கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. சோதனை வெறும் சடங்கு அல்ல. சவுத்வெஸ்ட் தன் 46 விமானங்களை இந்தச் சோதனை இல்லாமலேயே மாதக்கணக்கில் ஓட்டியிருந்தது. 2007 மார்ச்சில் தவறைத் தானே கண்டுபிடித்து, தானே எஃப்.ஏ.ஏ.விடம் தெரிவித்தது.

அப்படித் தாமாக முன்வந்து சொன்னால் அபராதம் கிடையாது என்று ஒரு திட்டம் உண்டு. நல்ல திட்டம்தான். ஒவ்வொரு விமானத்துக்கும் பின்னால் ஓர் ஆய்வாளரை அனுப்ப முடியாது, நிறுவனங்கள் வாய் திறந்தால்தான் பல தவறுகள் வெளியே வரும். ஆனால் தவறு உடனே நிறுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நிறுத்திவிட்டதாகச் சொன்ன பிறகும் அந்த விமானங்கள் ஒரு வாரத்துக்கு மேல் பயணிகளோடு பறந்தன. மேற்பார்வை செய்த எஃப்.ஏ.ஏ. முதன்மை ஆய்வாளர் அவற்றைப் பறக்காமல் நிறுத்தச் சொல்லவில்லை. பிறகு சோதித்தபோது ஆறு விமானங்களில் விரிசல் இருந்தது.

அவர் ஏன் பேசாமல் இருந்தார்? பணம் கைமாறியதாக எதுவும் வெளிவரவில்லை. நிறுவனத்தின் சார்பில் எஃப்.ஏ.ஏ.வோடு பேசிவந்தவர், முன்பு அதே முதன்மை ஆய்வாளரின் கீழ் வேலை பார்த்தவர். அரசு வேலையை விட்ட இரண்டே வாரத்தில் சவுத்வெஸ்ட்டில் சேர்ந்தவர். நேற்றுவரை பக்கத்து மேசையில் இருந்தவர் "சரிசெய்துவிட்டோம் சார்" என்றால் யார் போய்ச் சரிபார்ப்பார்கள்? போதாததற்கு, ஆய்வாளரின் முடிவு பிடிக்காத நிறுவனங்கள் மேலிடத்தில் முறையிட 2003 முதல் எஃப்.ஏ.ஏ.வே வழி செய்து கொடுத்திருந்தது. கறாராக இருக்கும் ஆய்வாளர்தான் அலுவலகத்தில் தொல்லை பிடித்தவராகத் தெரிவார். இங்கும் கீழ்நிலை ஆய்வாளர் ஒருவர் பல ஆண்டுகளாக எச்சரித்தும் எடுபடவில்லை. விஷயம் நாடாளுமன்றக் குழுவின் காதுக்குப் போன பிறகுதான், 2008இல் 102 லட்சம் டாலர் அபராதம் முன்மொழியப்பட்டது. கடைசியில் அது 75 லட்சத்தில் முடிந்தது.

ஆகவே நிறுவனத்தோடு ஒத்துழைப்பது மட்டுமே சாய்வுக்கு அடையாளம் ஆகாது. நான் கவனிப்பது வேறு: நிறுவனம் "நிறுத்திவிட்டோம்" என்று எழுதிக் கொடுத்ததை, அதோடு பழகாத ஒருவர் நேரில் போய்ச் சரிபார்த்தாரா? கீழே இருப்பவர் எழுதிய கடுமையான கடிதத்தை மேலே இருப்பவர் எத்தனை முறை மென்மையாக்கினார்? இரண்டுக்கும் கோப்புகளில் தடம் இருக்கும்.

பிற்பாடு ஒரு விதி வந்தது. விலகிய ஆய்வாளர், தான் கண்காணித்த நிறுவனத்துக்காக இரண்டு ஆண்டுகள் எஃப்.ஏ.ஏ.விடம் பேசக் கூடாது. அந்த நிறுவனத்தில் வேறு வேலையில் சேர இன்னும் தடை இல்லை.